ஒரே மைலேஜ் கணக்குக்குள் ஒளிந்திருக்கும் டீசல்

கேள்வி: என்னிடம் ஆறு லாரிகள் ஓடுகின்றன. மைலேஜ் சரியாகத்தான் வருகிறது, ஆனாலும் டீசல் திருட்டு நடக்கிறதோ என்று சந்தேகம். டேங்கில் சென்சார் வைக்கும் அளவுக்கு வசதி இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி நிறுத்துவது?

பதில்:

"மைலேஜ் சரியாகத்தான் வருகிறது" என்கிறீர்களே, அங்கேதான் நானும் பல மாதம் ஏமாந்தேன். என் வண்டிகளுக்கு லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்று ஒரே கணக்கு வைத்திருந்தேன். லோடோடு போனாலும், காலியாகத் திரும்பினாலும் அதே 4. மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் 3.9, 4 என்று வரும். நானும் திருப்தியாக ஷீட்டை மூடி வைத்துவிடுவேன்.

ஒரு வண்டியின் கணக்கைச் சொல்கிறேன். போகும்போது முழு லோடு, 620 கிலோமீட்டர். திரும்பும்போது காலி, 520 கிலோமீட்டர். மொத்தம் 1,140. ட்ரிப்புக்கு 290 லிட்டர் போல ஆகும், அதாவது லிட்டருக்கு 3.93. என் கணக்குப்படி குறையே இல்லை. ஆனால் அந்த வண்டி உண்மையில் எவ்வளவு கொடுக்கும் என்று பார்க்க, நம்பிக்கையான ஒருவரை மூன்று ட்ரிப் கூடவே அனுப்பினேன். லோடில் 3.8, காலியில் 5.2 என்று வந்தது. அப்படியானால் போக 163 லிட்டர், வர 100 லிட்டர், மொத்தம் 263 போதும். மீதி 27 லிட்டர் ஒவ்வொரு ட்ரிப்பிலும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. நான் வைத்த ஒற்றை மைலேஜ்தான் அதற்கு மறைவாக இருந்திருக்கிறது.

எங்கே போகிறது என்று தெரிய, ட்ரிப்பை இரண்டாக உடைத்தேன். கிளம்பும்போது டேங்க் ஃபுல், லோடு இறக்கியதும் பக்கத்துப் பங்க்கில் மறுபடி ஃபுல், வீடு திரும்பியதும் கிளம்பிய பங்க்கிலேயே ஃபுல். இரண்டாவது, மூன்றாவது முறை நிரப்பிய அளவுதான் அந்தந்தப் பாதிக்கு உண்மையில் செலவான டீசல். போகும் பாதிக்கு 165 லிட்டர் பிடித்தது, சரியான கணக்கு. வரும் பாதிக்கு 125. காலி வண்டி லிட்டருக்கு 4.16தான் கொடுத்திருக்கிறது என்றால் 25 லிட்டர் குறைகிறது. ஜிபிஎஸ் பதிவைப் பார்த்தால், திரும்பும் வழியில் ஒவ்வொரு ட்ரிப்பிலும் ஒரே இடத்தில் 40 நிமிடம் வண்டி நின்றிருந்தது.

ஃபுல் டேங்க் முறையில் ஒன்றைக் கவனியுங்கள். பங்க் குழாய் தானாக நின்றதும் அதோடு நிறுத்திவிட வேண்டும். சில டிரைவர்கள் வண்டியை ஆட்டி ஆட்டிக் கழுத்துவரை நிரப்புவார்கள். ஒரு முறை அப்படி, மறுமுறை இப்படி என்றால் நிறைய லிட்டர் வித்தியாசம் வந்து கணக்கே கெட்டுவிடும். சரிவில் நிறுத்தி நிரப்பினாலும் அப்படித்தான்.

வழியில் ஃபுல் போட முடியாத ட்ரிப்புகளுக்கு அளவுகுச்சி வேண்டும். டாஷ்போர்டு முள்ளை நம்பாதீர்கள். டேங்கை முழுவதும் வடித்துவிட்டு, 20 லிட்டர் 20 லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் குச்சியில் கோடு போடுங்கள். டேங்கின் மூலைகள் உருண்டிருப்பதால் கோடுகள் சமமான இடைவெளியில் வராது, அதனால் அளந்து பிரித்துக் கோடு போடுவது வேலைக்கு ஆகாது. வண்டி வந்து நின்று பத்து நிமிடம் ஆன பிறகு, ஷெட்டில் எப்போதும் ஒரே சமதள இடத்தில் வைத்துப் பாருங்கள். ஆரம்ப இருப்பு, வழியில் போட்டது, இரண்டையும் கூட்டி, கடைசி இருப்பைக் கழித்தால் செலவு வந்துவிடும். பங்க்கில் நிரப்பும் முன்னும் பின்னும் குச்சியோடு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பில்லில் 150 இருக்க டேங்கில் 130தான் ஏறியிருந்தால் அதிலேயே தெரிந்துவிடும்.

குச்சிக்கும் ஓர் எல்லை உண்டு. 110 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம் உள்ள டேங்கில் ஒரு செ.மீ. உயரம் என்பது 6.6 லிட்டர். ஆரம்பத்தில் அரை செ.மீ., கடைசியில் அரை செ.மீ. தவறாகப் பார்த்தாலே ஆறேழு லிட்டர் போய்விடும். அதனால் ஒரு ட்ரிப்பில் பத்து லிட்டருக்குள் வரும் குறைக்கு நான் யாரையும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஐந்து ட்ரிப் தொடர்ந்து ஒரே பக்கமாகக் குறைந்தால்தான் பேச்சு. அளப்பதில் வரும் தவறு என்றால் கூடியும் வரும், குறைந்தும் வரும்.

கிலோமீட்டரை ஜிபிஎஸ்ஸிலிருந்து எடுங்கள், டிரைவர் எழுதுவதை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். லோடு ஏற்றும் இடத்தில் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தால் மணிக்கு இரண்டு மூன்று லிட்டர் ஆகும், அதையும் ஷீட்டில் எழுத ஒரு கட்டம் விடுங்கள். மலைப்பாதை ட்ரிப்புக்குத் தனி மைலேஜ் வேண்டும். இதெல்லாம் டிரைவருக்குச் சேர வேண்டிய நியாயம். இதைக் கொடுக்காமல் அவரிடம் கணக்குக் கேட்க நமக்கு உரிமை இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

சரி, அந்த 25 லிட்டருக்கு வருகிறேன். ஷீட்டை முன்னால் வைத்துக் கேட்டதும் டிரைவர் மறைக்கவில்லை. "இறக்குக்கூலியும் வழிச்செலவும் கையிலிருந்து போட்டது மாசக்கணக்கா நிக்குதுண்ணே, அதான் ஒரு கேன் இறக்கிட்டு வந்தேன்" என்றார். பார்த்தால் என் பக்கம் பாக்கி இருந்தது உண்மை. அதைத் தீர்த்தேன், ட்ரிப் முடிந்த மறுநாளே வழிச்செலவைக் கொடுக்கத் தொடங்கினேன், லோடுக்கும் காலிக்கும் தனித்தனி மைலேஜை எழுதி எல்லோர் கையிலும் கொடுத்தேன். அந்த வண்டியின் திரும்பும் பாதி அடுத்த ட்ரிப்புகளில் 102, 99, 103 என்று வந்தது. டேங்க் மூடிக்கும் அடியில் உள்ள வடிகால் திருகுக்கும் நம்பர் போட்ட சீல் போட்டது அதற்கு அப்புறம்தான். கணக்கு இல்லாமல் சீல் மட்டும் போட்டிருந்தால், பங்க்கிலேயே பில்லைக் கூட்டிப் போடும் வழி திறந்தேதான் இருந்திருக்கும்.

இன்னொரு வண்டியில் நான் செய்த தவறையும் சொல்ல வேண்டும். ட்ரிப்புக்கு 18, 20, 22 லிட்டர் என்று குறை ஏறிக்கொண்டே வந்தது. டிரைவரைச் சந்தேகப்பட்டு அவர் சம்பளத்தில் பிடித்தேன். பிறகு வேறு டிரைவரை அந்த வண்டியில் ஏற்றினால் அவருக்கும் 23 லிட்டர் குறைந்தது. பழையவர் வேறு வண்டிக்குப் போனதும் அவர் கணக்கு நேராகிவிட்டது. திருட்டு ஆளோடு நகரும், கோளாறு வண்டியோடு நிற்கும். அது மட்டுமல்ல, திருட்டு பெரும்பாலும் கேன் அளவில் வரும், கோளாறோ கொஞ்சம் கொஞ்சமாக விடாமல் ஏறும். அங்கே பின்சக்கரம் ஒன்றில் பிரேக் முழுதாக விடாமல் உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது. பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்து அவரிடம் மன்னிப்பும் கேட்டேன். இப்போது குறை தொடர்ந்து ஏறினால், வண்டி ஷெட்டுக்குள் வந்ததும் முதலில் எல்லா ஹப்பின் பக்கத்திலும் கை வைத்து எது அதிகம் சுடுகிறது என்று பார்க்கிறோம். ட்ரிப் ஷீட்டை எடுப்பது அதற்கு அப்புறம்தான்.