பெட்டியில் 32–55 என்று இருக்கிறது, என் டி.வி. பொருந்துமா?

கேள்வி: டி.வி.யைச் சுவரில் மாட்டும் மவுன்ட்டின் பெட்டியில் '32 முதல் 55 அங்குலம் வரை' என்று அச்சிட்டிருக்கிறது. என்னுடையது 55 அங்குலம். வாங்கலாமா?

அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அங்குலக் கணக்கு ஓர் உத்தேசம்தான். பொருத்தத்தைத் தீர்மானிப்பது டி.வி.யின் முதுகில் உள்ள நான்கு திருகுத் துளைகள். டி.வி.யை மெத்தை மேல் குப்புறக் கிடத்தி, துளையின் நடுவிலிருந்து அடுத்த துளையின் நடுவரை அளந்து பாருங்கள். முதலில் கிடைமட்டம், பிறகு செங்குத்து. கிடைமட்டம் 300 மி.மீ., செங்குத்து 200 மி.மீ. என்றால் அது 300×200. இதைத்தான் வெசா அளவு என்கிறார்கள். மவுன்ட்டின் உச்ச அளவு 200×200 என்றால், அங்குலம் பொருந்தினாலும் உங்கள் டி.வி. அதில் மாட்டாது.

கேள்வி: கூடவே வந்த திருகுகளில் எது என்னுடையது?

தடிமனை டி.வி.யின் கையேட்டில் பாருங்கள், பெரிய டி.வி.களுக்குப் பெரும்பாலும் எம்6 அல்லது எம்8. நீளத்தில்தான் பலர் தவறுகிறார்கள். துளைக்குள் ஒரு தீக்குச்சியை விட்டு, விளிம்பில் நகத்தால் அடையாளமிட்டு அளந்து பாருங்கள். ஆழம் 12 மி.மீ., மவுன்ட் தகடு 2 மி.மீ. என்றால் 14 மி.மீ.க்கு மேல் திருகு கூடாது. 12 மி.மீ. திருகு போதும். பாதியில் இறுகினால் பலம் காட்டாதீர்கள், உள்ளே திரைப் பலகை உடையும்.

கேள்வி: என் டி.வி. 20 கிலோ, மவுன்ட் 35 கிலோ தாங்கும். இழுத்துத் திருப்பும் கை உள்ளது. கவலை வேண்டாமே?

மவுன்ட்டைப் பற்றி வேண்டாம், சுவரைப் பற்றி வேண்டும். கையை 50 செ.மீ. வெளியே இழுக்கிறீர்கள், மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடைவெளி 20 செ.மீ. என்று வையுங்கள். 20×50÷20 = 50. அதாவது மேல் போல்ட்டுகளைச் சுவரிலிருந்து பிடுங்க 50 கிலோ இழுவை. அதே டி.வி. சுவரை ஒட்டி 5 செ.மீ.யில் நின்றால் வெறும் 5 கிலோ. பெட்டியில் எழுதிய 35 கிலோ, உறுதியான சுவருக்கான கணக்கு.

கேள்வி: என் சுவர் எந்த வகை என்று எப்படி அறிவது?

துளையிடும்போது விழும் தூளைக் கவனியுங்கள். முதலில் வருவது பூச்சு. பிறகு சிவப்புத் தூள் சீராக வந்தால் செங்கல். சாம்பல் நிறத்தில் வந்து டிரில் திணறினால் கான்கிரீட். இரண்டும் நல்லவை; ஆனால் பூச்சு 15 மி.மீ. இருந்தால் அதைக் கணக்கில் சேர்க்காமல், திருகைப் பிடிக்கும் பிளக் முழுவதும் கல்லுக்குள் இறங்க வேண்டும். டிரில் திடீரென்று 'சடக்' என்று உள்ளே போய்விட்டால் அது உள்ளீடற்ற பிளாக். அங்கே சாதாரண பிளக் சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. வலைக்குழாயுடன் ரசாயனப் பசை ஆங்கர் வேண்டும். ஜிப்சம் பலகைச் சுவர் என்றால் பின்னுள்ள சட்டத்தைத் தேடி அதில் மட்டும் திருகுங்கள். சட்டம் கிடைக்காவிட்டால் இழுக்கும் கை உள்ள மவுன்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.