புத்தக அட்டையை அச்சகத்துக்கு அனுப்பும் முன் லேயர், படம், எழுத்துருவைச் சேர்த்துக் கட்டுவது

கேள்வி: புத்தக அட்டையை இன்டிசைனில் முடித்து அனுப்பினேன். படம் காணவில்லை, எழுத்துரு மாறியிருக்கிறது என்று அச்சகத்தில் சொல்கிறார்கள். என் கணினியில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. எப்படி அனுப்ப வேண்டும்?

பதில்:

நீங்கள் அட்டையில் வைத்த படம் இன்டிசைன் கோப்புக்குள் முழுமையாக இல்லை. அது உங்கள் கணினியில் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற முகவரியும், திரையில் காட்டுவதற்கான தரம் குறைந்த ஒரு பிரதியும் மட்டுமே கோப்பில் இருக்கின்றன. எழுத்துருவும் அவ்வாறே, அதன் பெயரைத்தான் கோப்பு நினைவில் வைத்திருக்கும், எழுத்துருவை அது உங்கள் கணினியிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஆகவே கோப்பை மட்டும் அனுப்பினால் உங்களிடம் சரியாகத் தெரிவது அங்கே தெரியாமல் போவதில் வியப்பில்லை.

முதலில் பெயர்களைச் சரிசெய்யுங்கள். வெவ்வேறு ஃபோல்டர்களில் `photo1.jpg` என்ற ஒரே பெயரில் இரண்டு படங்கள் இருந்தால், எல்லாம் ஒரே இடத்துக்கு வரும்போது எது எது என்ற குழப்பம் நேரும். ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டு, `attai_292x215_v03.indd`, `attai_mun_padam.tif` என்பதுபோல் பெயரிடுவது பாதுகாப்பானது. தமிழில் பெயரிட்டு ஜிப் செய்த கோப்புகள் வேறு கணினியில் விரியும்போது பெயர் சிதைந்துவிட வாய்ப்புண்டு. பெயர் சிதைந்தால் இணைப்பும் அறுந்துவிடும். படத்தை அட்டையில் வைப்பதற்கு முன்பே பெயரை முடிவுசெய்துவிடுங்கள். வைத்த பிறகு மாற்றினால் Links பலகத்தில் அது காணாமல் போனதாகக் காட்டும், மீண்டும் இணைக்க வேண்டியிருக்கும்.

லேயர்களைப் பொறுத்தவரை, பெரும்பாலான அட்டைகளுக்குப் படம், எழுத்து, குறிப்பு என மூன்று போதும். பின்னட்டை 140, முதுகு 12, முன்னட்டை 140 மி.மீ. என்று வைத்தால் விரித்த அகலம் 292 மி.மீ.; நான்கு பக்கமும் 3 மி.மீ. ப்ளீடு சேர்ந்தால் 298 ஆகும். முதுகு எங்கே மடியும் என்று காட்டும் கோடுகளைக் குறிப்பு லேயரில் வைத்து, Layer Options பகுதியில் Print Layer என்பதை நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கோடும் அச்சாகிவிடும்.

தலைப்பின் மேல் ஸ்பாட் யூவி பூச்சு இருந்தால் அதற்கு ஒரு தனி லேயர் தேவை. அந்த வடிவத்துக்கு ஒரு ஸ்பாட் நிறத்தை 100 சதவீதம் கொடுத்து, Attributes பலகத்தில் Overprint Fill என்பதையும் இயக்க வேண்டும். இதை மறந்தால் பூச்சு வரும் இடத்தில் கீழே உள்ள படம் துளையிட்டதுபோல் வெறுமையாகிவிடும், சாதாரணப் பார்வையில் அது தெரியவும் தெரியாது. Separations Preview பலகத்தைத் திறந்து அந்த ஸ்பாட் நிறத்தை மட்டும் மறைத்துப் பாருங்கள். அடியில் படமும் தலைப்பும் முழுமையாக இருந்தால் சரி, வெள்ளையாகத் தெரிந்தால் தவறு.

முந்தைய வடிவங்களை மறைத்து வைத்த லேயர்களை அழித்துவிடுங்கள். அவற்றில் இருக்கும் பழைய படங்களும் எழுத்துருக்களும் நீங்கள் அனுப்பும் பொதிக்குள் வந்துசேரக்கூடும். அச்சகத்தில் ஒருவர் அந்த லேயரைத் தவறுதலாகத் திறந்துவிடும் ஆபத்தும் உண்டு.

இவையெல்லாம் முடிந்தபின் `File > Package` கொடுங்கள். எழுத்துருக்களையும் படங்களையும் நகலெடுக்கும் தேர்வுகளோடு, Update Graphic Links in Package என்பதும் இயங்கியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் படங்கள் நகலாகும், ஆனால் புதிய கோப்பு உங்கள் பழைய ஃபோல்டரையே தேடிக்கொண்டிருக்கும். கிடைக்கும் ஃபோல்டரில் Links, Document fonts என்ற இரண்டு உள் ஃபோல்டர்கள் இருக்கும். இன்டிசைன் கோப்புக்குப் பக்கத்தில் இருக்கும்வரை Document fonts ஃபோல்டரிலிருந்து எழுத்துருக்கள் தாமாகவே ஏற்றப்படும். எனவே கோப்பை மட்டும் தனியே எடுத்து அனுப்பாமல் முழு ஃபோல்டரையும் ஜிப் செய்யுங்கள்.

இரண்டு வகைப் பொருள்களைப் பேக்கேஜ் விட்டுவிடும். அடோபி ஃபாண்ட்ஸ் சேவையிலிருந்து இயக்கிய எழுத்துருக்கள் நகலாகா. அட்டையில் வைத்த இல்லஸ்ட்ரேட்டர் கோப்புக்குள் வேறொரு படம் இணைக்கப்பட்டிருந்தால் அதுவும் சேராது. இல்லஸ்ட்ரேட்டரில் அதை முன்கூட்டியே எம்பெட் செய்வதே எளிய வழி. தமிழ் எழுத்துருவில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பழைய குறியாக்க எழுத்துரு அங்கே இல்லாவிட்டால் வரிகள் ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும், அதை யாரும் உடனே கவனித்துவிடுவார்கள். ஆனால் அதே பெயரில் வேறு பதிப்பு எழுத்துரு அங்கே நிறுவப்பட்டிருந்து அது பயன்பட்டால், எந்த எச்சரிக்கையும் வராமல் பின்னட்டைக் குறிப்பின் வரிகள் மட்டும் இடம் மாறலாம். எனவே எழுத்துருக்கள் உட்பொதிந்த பிடிஎஃப் ஒன்றை அதே ஃபோல்டரில் வைத்து, அதையே ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அக்ரோபேட்டில் Document Properties, அதில் Fonts பகுதியைத் திறந்தால், ஒவ்வோர் எழுத்துருவுக்கும் எதிரே Embedded Subset அல்லது Embedded என்று இருக்க வேண்டும்.

கடைசிச் சோதனையை உங்கள் கணினியில் அப்படியே செய்தால் பயனில்லை, ஏனெனில் பழைய படங்களும் எழுத்துருக்களும் அங்கேயே இருப்பதால் குறை மறைந்துவிடும். முடிந்தால் ஜிப்பை வேறு கணினியில் விரித்துத் திறந்து பாருங்கள். அது இயலாவிட்டால் மூலப் படங்கள் இருக்கும் ஃபோல்டரின் பெயரைத் தற்காலிகமாக மாற்றி, அந்த எழுத்துருக்களையும் நிறுத்திவைத்துவிட்டு, பொதியிலுள்ள கோப்பைத் திறந்து பாருங்கள். காணாமல் போன படங்கள் பற்றியோ எழுத்துரு பற்றியோ எந்த அறிவிப்பும் வராமல் திறந்தால் அந்த ஜிப்பை அனுப்பலாம்.