ரிப்போர்ட்டில் இல்லாத ஒரு கழித்தல்

நான்-எச்டிஎல், அப்போ பி பார்க்க 12 மணி நேரம் பட்டினி இருக்கணுமா? (கொருக்குப்பேட்டை)

வேண்டாம். கெட்ட கொழுப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும் நான்-எச்டிஎல்லுக்கும், அந்தக் கொழுப்பைச் சுமக்கும் துகள்களில் உள்ள புரதமான அப்போ பி-க்கும் பட்டினி தேவையில்லை. ட்ரைகிளிசரைடு 400-க்கு மேல் வந்தால் மட்டும் வெறும் வயிற்றில் இன்னொரு முறை எடுங்கள்.

வீட்டுக்காரருக்கு 54 வயது, 12 வருஷமா சர்க்கரை. கேம்ப் ரிப்போர்ட்டில் மொத்தக் கொழுப்பு 170, எச்டிஎல் 32, ட்ரைகிளிசரைடு 290, எல்டிஎல் 80. எல்டிஎல் நார்மல்னு போட்டுட்டு, அப்போ பி-ன்னு ஒண்ணுக்கு 700 ரூபாய் கேக்கிறாங்க. பணம் பிடுங்கறாங்களா? (தண்டையார்பேட்டை)

அந்த 80 பெரும்பாலும் அளந்த எண் அல்ல, கணக்குப் போட்ட எண். மொத்தக் கொழுப்பிலிருந்து எச்டிஎல்லைக் கழித்து, ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள். 170-இல் 32 போனால் 138, அதில் 58 போனால் 80. ட்ரைகிளிசரைடு ஏற ஏற இந்த 'ஐந்தில் ஒன்று' பிசகும். அப்போது எல்டிஎல் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும்.

நீங்கள் பார்க்க வேண்டியது நடுவில் வந்த 138-ஐ. அதுதான் நான்-எச்டிஎல். ரத்தக்குழாய்ச் சுவரில் படியக்கூடிய எல்லாத் துகள்களின் கொழுப்பும் அதில் சேர்ந்திருக்கிறது. இத்தனை வருஷம் சர்க்கரை இருப்பவர் அதிக ஆபத்துப் பிரிவில் வருவார். அவர்களுக்கு ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2019 வழிகாட்டி சொல்லும் எல்லை எல்டிஎல் 70, நான்-எச்டிஎல் 100, அப்போ பி 80. எல்டிஎல்படி உங்கள் வீட்டுக்காரர் 10 தாண்டியிருக்கிறார், நான்-எச்டிஎல்படி 38.

எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்கு வரிசை கட்டும் கன்டெய்னர் லாரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். எல்டிஎல் எண் என்பது லாரிகளில் ஏற்றிய சரக்கின் எடை. சாலையை அடைப்பதோ லாரிகளின் எண்ணிக்கை. சர்க்கரையும் ட்ரைகிளிசரைடும் கூடினவர்களுக்குத் துகள்கள் சிறிதாகி, ஒவ்வொன்றும் குறைந்த கொழுப்பைத்தான் சுமக்கும். எடை குறைவாகத் தெரிந்தாலும் வண்டிகள் கூடுதல். ஒரு துகளுக்கு ஒரே ஒரு அப்போ பி என்பதால், அதை அளந்தால் வண்டிகளை எண்ணின மாதிரி.

ஆகவே சோதனை பொய்யில்லை. ஆனால் இன்று 700 ரூபாய் செலவழிக்க வேண்டாம், முடிவு 138-இலேயே தெரிந்துவிட்டது. ரிப்போர்ட்டோடு டாக்டரைப் பாருங்கள். மருந்து தொடங்கி எண்கள் இறங்கினபின், துகள்களும் குறைந்தனவா என்று பார்க்க அவர் அப்போ பி கேட்டால் அப்போது கொடுங்கள்.

லிப்பிட் ப்ரொஃபைலுக்குப் பணம் கட்டினேன். அதுக்கு மேல நான்-எச்டிஎல்-னு 350 ரூபாய் தனியா வாங்கிட்டாங்க. சரியா? (காசிமேடு)

சரியே இல்லை. இதற்குத் தனியாக ரத்தமும் இல்லை, ரசாயனமும் இல்லை. உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள இரண்டு எண்களின் கழித்தல் அது. ஒரு கழித்தலுக்கு 350 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள், உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. பில்லை எடுத்துக்கொண்டு போய்ப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இந்த விஷயத்தில் எனக்குப் பழைய கோபம் உண்டு. '70 சோதனைகள்' என்ற விளம்பரத்தை நம்பி நானும் ஒரு பேக்கேஜ் வாங்கினேன். கொழுப்புக்கு மட்டும் எட்டு சோதனை என்று எண்ணியிருந்தார்கள். இயந்திரம் அளந்தது மூன்று: மொத்தக் கொழுப்பு, எச்டிஎல், ட்ரைகிளிசரைடு. எல்டிஎல், விஎல்டிஎல், நான்-எச்டிஎல், இரண்டு விகிதங்கள், ஐந்துமே கூட்டல் கழித்தல் வகுத்தல். அளக்க வேண்டிய அப்போ பி அந்த 70-இல் இல்லை. அப்புறம் வீட்டிலேயே பார்க்கலாமே என்று விரலில் குத்தும் மீட்டர் வாங்கினேன். அது மொத்தக் கொழுப்பு ஒன்றைத்தான் காட்டியது. எச்டிஎல் தெரியாமல் எதிலிருந்து எதைக் கழிப்பது? மொத்தம் 200 என்றால் எச்டிஎல் 70 உள்ளவருக்கு நான்-எச்டிஎல் 130, எச்டிஎல் 35 உள்ளவருக்கு 165. இரண்டு பேருக்கும் அந்த மீட்டர் ஒரே எண்ணைக் காட்டும். பேக்கேஜ் வாங்கும் முன், இதில் நேரடியாக அளப்பது எவை என்று கேளுங்கள். பதில் வராத இடத்தில் வாங்காதீர்கள்.

அப்போ பி 1.12-னு வந்திருக்கு. 100-க்குள்ள இருக்கணும்னு படிச்சேன். சூப்பர்தானே? மாத்திரையை நிறுத்திட்டேன். (பெரம்பூர்)

எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அலகு போட்டிருக்கிறது என்று பார்க்கவே இல்லையா? சில லேப்கள் லிட்டருக்கு கிராமில் தருவார்கள். நீங்கள் படித்த 100 டெசிலிட்டருக்கு மில்லிகிராமில். 1.12 கிராம் என்றால் அந்தக் கணக்கில் 112. உங்களுக்கு அது கூடுதல், அதுவும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே. நாளைக்கே டாக்டரிடம் போய், நிறுத்தியதைச் சொல்லுங்கள்.