0/0 வரும் இடத்தில் எல்லை எப்படிக் கிடைக்கிறது?

கேள்வி: "x-க்கு 0 போட்டால் sin x / x என்பது 0/0 ஆகிவிடுகிறது. அப்புறம் எல்லை 1 என்று எப்படிச் சொல்கிறார்கள்?"

0-வில் என்ன மதிப்பு என்று எல்லை கேட்பதே இல்லை. x, 0-வை நெருங்க நெருங்க விடை எந்த எண்ணை நோக்கிப் போகிறது என்றுதான் கேட்கிறது. கால்குலேட்டரை ரேடியனில் வைத்துப் போட்டுப் பாருங்கள். x = 1 என்றால் 0.8415, 0.1 என்றால் 0.99833, 0.01 என்றால் 0.99998. மறுபக்கத்திலிருந்து -0.1, -0.01 என்று வந்தாலும் அதே எண்கள்தான். (0.01745 வந்தால் கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறது.)

சரி, எவ்வளவு நெருக்கம்? 1-லிருந்து 0.0001-க்கு மேல் விலகக் கூடாது என்று ஒருவர் கேட்டால், x-ஐ -0.02-க்கும் 0.02-க்கும் நடுவில் வைத்தால் போதும், 0-வை மட்டும் விட்டுவிட வேண்டும். இன்னும் சிறிய விலகலைக் கேட்டாலும் அதற்கேற்ற தூரம் ஒன்று இருக்கும். எல்லை 1 என்பதன் பொருள் இதுதான்.

ஆனால் நாலைந்து எண்களை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். sin(π/x)-இல் 0.1, 0.01, 0.001 போட்டால் எல்லாமே 0. எல்லை 0 என்றே தோன்றும். அதிலேயே 0.08, 0.016, 0.0032 போட்டால் ஒவ்வொன்றும் 1! எவ்வளவு நெருங்கினாலும் இரண்டு விடைகளும் வந்துகொண்டே இருக்கும். அதனால் அங்கே எல்லையே கிடையாது.