பெரிய கடையின் தளம் என்று நம்பி இன்ஸ்டாகிராம் விளம்பரம் வழியாக 2,899 ரூபாய் கட்டிவிட்டேன். அது போலி என்று இப்போதுதான் தெரிகிறது. பணம் திரும்பக் கிடைக்குமா?

கட்டி ஒரு நாள்கூட ஆகவில்லை என்றால், படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் சைபர் மோசடிப் புகாருக்கான அரசு உதவி எண் 1930-க்கு போன் போடுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

வங்கியில் வாடிக்கையாளர் புகார்களைப் பார்ப்பது என் வேலை. யூ.பி.ஐ.யில் போன பணம் சில நொடிகளில் மோசடிக்காரர் வாடகைக்கு எடுத்திருக்கும் யாரோ ஒருவரின் கணக்கில் விழும். அங்கிருந்து இரண்டு மூன்று கணக்குகளுக்குப் பிரிந்து, கடைசியில் ஏ.டி.எம்.மில் நோட்டாக வெளியே வந்துவிடும். 1930-இல் பதிவாகும் புகார் அந்தந்த வங்கிகளுக்கு ஆன்லைனிலேயே போகிறது. எந்தக் கணக்கில் பணம் மிச்சம் இருக்கிறதோ, அங்கே அந்தத் தொகையை எடுக்க முடியாதபடி பிடித்து வைப்பார்கள். நோட்டாகிவிட்டால் பிடிக்க ஒன்றும் இருக்காது. அதனால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்.

போன் போடும்போது, அந்தப் பணப் பரிமாற்றத்தை வங்கிகள் அடையாளம் காணும் 12 இலக்க யூ.டி.ஆர். எண் கையில் இருக்கட்டும். யூ.பி.ஐ. செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் தெரியும். சில செயலிகளில் 'T' என்ற எழுத்தில் தொடங்கும் நீளமான எண்ணும் இருக்கும், அது செயலி தன் பதிவுக்காக வைத்திருப்பது, அதைக் கொடுத்துவிடாதீர்கள். புகார் எண் எஸ்.எம்.எஸ்.ஸில் வந்ததும் 24 மணி நேரத்துக்குள் cybercrime.gov.in தளத்தில் முழு விவரத்தையும் ஏற்றிவிடுங்கள். தளத்தின் முகவரி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட், ஆர்டர் மெயில், விளம்பரப் பக்கம் மூன்றையும் இன்றே எடுத்து வையுங்கள். இத்தகைய தளங்கள் சீக்கிரமே காணாமல் போய்விடும்.

என் சித்தி இதேபோல் ஒரு தளத்தில் குக்கர் செட் வாங்கினார். பணம் கட்டும் திரையில் கடையின் பெயர் இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர்தான் இருந்தது. உங்கள் ரசீதிலும் அதைப் பாருங்கள். தனி ஆள் பெயர் என்றால் 1930 வழிதான். கடைக்காகப் பணத்தை வாங்கிக் கொடுக்கும் பேமென்ட் கேட்வே நிறுவனத்தின் பெயர் இருந்தால் இன்னொரு கதவும் திறக்கும். கேட்வே பணத்தைக் கடைக்காரருக்கு உடனே தருவதில்லை, பெரும்பாலும் அடுத்த வேலை நாளில்தான் தருகிறது. அந்த இடைவெளியில் அவர்களுடைய குறைதீர்ப்பு அதிகாரிக்கு யூ.டி.ஆர்., 1930 புகார் எண், தள முகவரி மூன்றையும் வைத்து மெயில் அனுப்பினால், அந்தக் கடைக்குப் போகும் பணத்தையே நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது.

கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் உங்கள் நிலைமை எவ்வளவோ மேல். ஆனால் அங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். வங்கிக்கு போன் செய்து "நான் செய்யாத பரிவர்த்தனை" என்று சொல்லிவிடுகிறார்கள். வங்கி ஓ.டி.பி. பதிவைக் காட்டிப் புகாரை மூடிவிடும். ரிசர்வ் வங்கி 2017-இல் கொண்டுவந்த பாதுகாப்பும் வாடிக்கையாளர் அறியாமல் நடந்த பரிவர்த்தனைக்குத்தான். "பணம் கட்டியது நான்தான், பொருள் வரவில்லை, கடை போலி" என்று உள்ளதை எழுதிக் கொடுத்து, கடைக்குப் போன பணத்தை வங்கி வழியாகத் திரும்ப வாங்கும் சார்ஜ்பேக் கேளுங்கள். இது தனி வகைப் புகார், ஓ.டி.பி. போட்டீர்களா என்பது இதற்குப் பதில் ஆகாது. விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இதற்குப் பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு. சொன்ன டெலிவரி தேதி கழியட்டும் என்று வங்கி சொன்னால் அதுவும் முறைதான். அந்தத் தேதி முடிந்ததும் மறுபடி கேளுங்கள். டெபிட் கார்டுக்கும் சார்ஜ்பேக் உண்டு. எந்தக் கார்டானாலும் எண்ணைப் போலித் தளத்தில் அடித்துவிட்டீர்கள், உடனே பிளாக் செய்துவிடுங்கள்.

இந்த சார்ஜ்பேக்கை முறியடிக்க மோசடிக்காரர்களும் ஒரு வேலை செய்கிறார்கள். சேலைக்குப் பதில் ஒரு கைக்குட்டையை அனுப்பி, "டெலிவரி ஆகிவிட்டது" என்று கூரியர் ஆதாரம் காட்டுவார்கள். பார்சல் ஏதாவது வந்தால் பிரிப்பதை வீடியோ எடுங்கள், உறையின் மேல் ஒட்டியிருக்கும் எடை எழுதிய லேபிளையும் சேர்த்து. பிறகு புகாரை "சொன்ன பொருளுக்குப் பதில் வேறு பொருள் வந்தது" என்று மாற்றிக் கொடுக்க வேண்டும்.

சித்தி விஷயத்தில் பணத்தில் ஒரு பகுதிதான் இரண்டாவது கணக்கில் பிடிபட்டது. பிடித்த பணமும் தானாகத் திரும்பி வரவில்லை. சைபர் கிரைம் போலீஸ் வழியாக மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப்போட்டு, உத்தரவை வங்கிக்குக் கொடுத்த பிறகே கணக்கில் ஏறியது, மாதக்கணக்கில் ஆனது. வங்கியில் எழுத்துப் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ, cms.rbi.org.in தளத்தில், வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஒம்பட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் இல்லை.

இதற்கிடையே "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், பிராசசிங் கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்று ஒரு போன் வரலாம். ஏமாந்தவர்களின் எண்கள் கைமாறுகின்றன. போலீஸோ வங்கியோ பணத்தைத் திருப்பித் தரக் கட்டணம் கேட்பதில்லை, திரையைப் பகிரும் செயலியை இறக்கச் சொல்வதும் இல்லை. அந்த எண்ணையும் அதே 1930 புகாரில் சேர்த்துவிடுங்கள்.