ஒரே பதிவேட்டில் பல பேர் கையெழுத்து: எண்களையும் தேதிகளையும் தவறில்லாமல் படியெடுப்பது எப்படி?

கேள்வி: பழைய மருத்துவமனைச் சேர்க்கைப் பதிவேடு ஒன்றை எக்செல்லில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். நாலைந்து பேர் மாறி மாறி எழுதியிருக்கிறார்கள். பெயர்களை எப்படியோ படித்துவிடுகிறேன். எண்களும் தேதிகளும்தான் படுத்துகின்றன. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்:

தட்டச்சு செய்வதை இரண்டு நாள் நிறுத்தி வையுங்கள். அந்த இரண்டு நாளில் எழுதியவர்களைப் பழகிக்கொண்டால் பிறகு வேலை தானாக வேகம் பிடிக்கும்.

பெயரில் ஓர் எழுத்து தவறினாலும் படிக்கும்போது உறுத்தும். எண்ணில் அந்த உறுத்தல் வராது. 21ஆம் தேதியும் 27ஆம் தேதியும் ஒரே அளவு சரியாகத் தெரியும். எது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி, அதை எழுதியவர் தன் 1ஐயும் 7ஐயும் எப்படிப் போடுவார் என்ற பழக்கம்தான்.

இதே மாதிரிப் பதிவேட்டை முதன்முறை எடுத்தபோது நான் முதல் பக்கத்திலிருந்தே அடிக்க ஆரம்பித்துவிட்டேன். முதல் நாற்பது பக்கம் ஒரே ஆள். அவருடைய 1 வெறும் நேர்கோடு, 7க்குக் குறுக்குக் கோடு கிடையாது. அடுத்து எழுதியவர் நேர் எதிர்: 1க்குத் தலையில் நீளமாக ஒரு மூக்கு வைப்பார், 7க்கு நடுவில் குறுக்குக் கோடு போடுவார். அதாவது இரண்டாமவரின் 1, முதலாமவரின் 7ஐப் போலவே இருக்கும். நாற்பது பக்கம் பழகிய என் கண் அதை 7 என்றே எடுத்துக்கொண்டது. 11ஆம் தேதி 77 போலத் தெரிந்த இடங்களில் மட்டும் 11 என்று திருத்திக்கொண்டு நகர்ந்தேன். பக்கத்து வரியில் உள்ள 27உம் அதே கை எழுதியதுதானே என்று யோசிக்கவில்லை. பின்னால் அந்தப் பகுதியின் தேதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தபோது 7ஆம் தேதியும் 27ஆம் தேதியும் குவிந்து கிடந்தன, 1ஆம் தேதியும் 21ஆம் தேதியும் அநேகமாக இல்லை. அத்தனை வரிகளையும் மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று.

அதனால் முதல் வேலை, பதிவேட்டை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை அடிக்காமல் புரட்டுவது. எத்தனை கைகள் இருக்கின்றன, எந்த வரியில் கை மாறுகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மையின் நிறத்தை நம்பாதீர்கள். ஒரே ஆள் பேனாவை மாற்றியிருப்பார், இரண்டு பேர் ஒரே பேனாவால் எழுதியிருப்பார்கள். எழுத்து எந்தப் பக்கம் சாய்கிறது, கோட்டின் மேல் உட்காருகிறதா அல்லது சற்று மிதக்கிறதா, 4இன் வாய் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, தேதிக்கு நடுவில் புள்ளி வைக்கிறாரா சாய்கோடு போடுகிறாரா என்று பாருங்கள். இந்த நான்கைப் பார்த்தாலே பெரும்பாலும் ஆள் தெரிந்துவிடும். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, அ, ஆ, இ என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்செல்லில் 'கை' என்று ஒரு தனிக் கட்டம் வைத்து ஒவ்வொரு வரிக்கும் அந்த எழுத்தைப் போடுங்கள். கடைசிச் சோதனை முழுக்க அதை வைத்துத்தான் நடக்கும்.

அடுத்தது ஒவ்வொரு கைக்கும் ஓர் எண் அட்டை. இதற்கு வரிசை எண் கட்டத்தைவிட நல்ல இடம் இல்லை, ஏனென்றால் அங்கே என்ன எழுதியிருக்க வேண்டும் என்பது நமக்கு முன்பே தெரியும். 341 முதல் 350 வரை ஒரே கை எழுதியிருந்தால், கடைசி இலக்கத்தில் 0 முதல் 9 வரை எல்லாமே ஒருமுறை வந்துவிடும். முப்பது வரி எடுத்தால் ஒவ்வோர் இலக்கத்துக்கும் மூன்று மாதிரி கிடைக்கும். அவற்றைப் படமாக வெட்டி ஒரே தாளில் ஒட்டுங்கள், முடியாவிட்டால் கையாலேயே அதே மாதிரி வரைந்துகொள்ளுங்கள். எனக்கு வரைவதுதான் பிடிக்கும். பேனா எங்கே தொடங்கி எங்கே திரும்புகிறது என்பது வரையும்போதுதான் கைக்குப் புரிகிறது. 5இன் மேல்கோட்டை ஒருவர் கடைசியில் தனியாகப் போடுவார். அவசரத்தில் அந்தக் கோடு விட்டுப்போனால் அவருடைய 5, 3ஆகத் தெரியும். இது தெரிந்திருந்தால் அவருடைய ஒவ்வொரு 3இன் மேலேயும் ஒரு நொடி நின்று பார்ப்பீர்கள்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பல பதிவேடுகளில் வரிசை எண்களை முன்கூட்டியே ஒரே ஆள் பக்கம் பக்கமாகப் போட்டு வைத்திருப்பார். அப்படியானால் அந்தக் கட்டம் அவருடைய பழக்கத்தை மட்டுமே சொல்லும். ஒன்றும் எழுதாமல் விட்ட கடைசிப் பக்கங்களிலும் எண்கள் வரிசையாக நின்றால் அதுதான் விஷயம். அப்போது சேர்ந்த தேதியின் கட்டத்துக்குப் போங்கள். சேர்க்கை நடக்க நடக்க எழுதியது என்பதால் தேதிகள் ஏறுவரிசையில்தான் வரும். மேலே தெளிவாக 8, கீழே தெளிவாக 10 இருந்தால் நடுவில் இருப்பது 8, 9, 10 இவற்றில் ஒன்றுதான். வடிவம் கொஞ்சம் கைகொடுத்தாலே 9 கிடைத்துவிடும்.

தேதியில் இலக்க வடிவம் தவிர வேறு பழக்கங்களும் உண்டு, அவற்றையும் அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். நாள் முதலிலா மாதம் முதலிலா என்பதை 12க்கு மேற்பட்ட ஓர் எண் எந்த இடத்தில் வருகிறது என்று தேடித் தெரிந்துகொள்ளலாம். ஒரு கைக்கு அப்படிக் கிடைத்தால் அந்தக் கைக்கு மட்டும்தான் அது பொருந்தும். அடுத்தவருக்குத் தனியாகத் தேட வேண்டும். சாய்கோடு போடுபவரின் கோடு நிமிர்ந்து நின்றால் அது 1ஆகிவிடும். 3/1/ என்பது 3111 போலக் கிடக்கும். அவர் சாய்கோட்டைக் கோட்டுக்குக் கீழே இறக்குகிறாரா என்று பாருங்கள், பெரும்பாலும் இறக்குவார். 1 அப்படி இறங்காது. அப்புறம் 'மேற்படி' குறி. இரண்டு சின்னக் கோடுகள், வயதுக் கட்டத்தில் வந்தால் அச்சு அசல் 11. குறி கட்டத்தின் மேல்பாதியில் மிதக்கும், 11 கோட்டின் மேல் நிற்கும். ஜனவரி முதல் வாரத்தில் பழைய வருடத்தையே எழுதுவது யாருக்கும் வரும். அதை எழுதியபடியே அடித்துவிட்டுப் பக்கத்தில் குறிப்பு போடுங்கள்.

இனி ஒரு வரியை எடுத்துப் பார்ப்போம். 'ஆ' என்று குறித்தவர் எழுதிய வரி. சேர்ந்த தேதி 14, தெளிவு. வெளியேறிய தேதி 21ஆகவும் இருக்கலாம், 27ஆகவும் இருக்கலாம். கடைசி இலக்கத்தின் நடுவில் ஒரு கறை இருப்பதால் குறுக்குக் கோடு இருந்ததா என்று தெரியவில்லை. தங்கிய நாட்கள் 8, அதுவும் தெளிவு. 14லிருந்து 21 வரை கழித்தால் 7 வருகிறது, 27 வரை கழித்தால் 13. இரண்டும் 8 இல்லை. இந்த இடத்தில்தான் பலர் எழுதியவர் கணக்கில் தவறிவிட்டார் என்று முடிவுகட்டுவார்கள். நான் 'ஆ' எழுதிய தெளிவான வரிகளில் ஒரு பதினைந்தைத் தேடிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கழித்து வருவதைவிட ஒன்று கூடுதலாகவே இருந்தது. சேர்ந்த நாள், வெளியேறிய நாள் இரண்டையும் சேர்த்து எண்ணுவது அவர் வழக்கம். அப்படி எண்ணினால் 14லிருந்து 21 வரை சரியாக 8 நாள், 27 என்றால் 14 நாள். எனவே 21. அதே பக்கத்தில் முன்னால் எழுதியிருந்த 'அ' என்பவர், சேர்ந்த நாளை எண்ணுவதில்லை. அவருடைய கணக்கை வைத்துப் பார்த்திருந்தால் 22 என்றுகூட அடித்திருப்பேன்.

இதை எல்லா வரிகளுக்கும் ஒரே அடியில் சோதிக்கலாம். சேர்ந்த தேதி C, வெளியேறிய தேதி E, தங்கிய நாட்கள் F என்று வைத்துக்கொண்டால்:

```
=E2-C2-F2
```

இதைக் கீழே வரை இழுத்துவிட்டு 'கை' கட்டத்தில் வடிகட்டுங்கள். 'அ' எழுதிய வரிகளில் எல்லாம் 0 வர வேண்டும், 'ஆ' எழுதிய வரிகளில் எல்லாம் -1. வேறு எண் வந்த வரிகளை மட்டும் பதிவேட்டில் திரும்பப் பாருங்கள். 6 அல்லது -6 தள்ளியிருந்தால் முதல் சந்தேகம் 1-7 குழப்பம், 5 தள்ளியிருந்தால் 4-9. பதிவேடு 1900க்கு முந்தையது என்றால் எக்செல் அந்தத் தேதியைத் தேதியாக எடுத்துக்கொள்ளாது. அப்போது நாள், மாதம், ஆண்டு மூன்றையும் தனித்தனிக் கட்டத்தில் வைத்து, ஒரே மாதத்துக்குள் முடிகிற வரிகளை மட்டும் இப்படிச் சோதியுங்கள்.

ஆனால் கணக்குக்கு ஓர் எல்லை வைத்துக்கொள்ள வேண்டும். அட்டைப்படி ஒரு வடிவம் இரண்டு எண்ணாகப் படிக்க இடம் தந்தால், அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கணக்கைப் பயன்படுத்தலாம். வடிவம் ஐயமில்லாமல் 27 என்று சொல்லும்போது கணக்குக்காக அதை 21 ஆக்கக் கூடாது. எழுதியவரும் கணக்கில் தவறுவார், அந்தத் தவறும் பதிவேட்டின் பகுதிதான். நான் 'எழுதியபடி' என்று ஒரு கட்டமும் 'என் படிப்பு' என்று இன்னொன்றும் வைத்திருக்கிறேன். இரண்டிலும் முடிவுக்கு வர முடியாதது [?] குறியோடு அப்படியே நிற்கும்.

கைகள் நீளமாக, பத்து இருபது பக்கத்துக்கு ஒருமுறை மாறினால் ஒரு கையின் பக்கங்களை எல்லாம் சேர்த்து ஒரே மூச்சில் அடிப்பதுதான் நல்லது. வரிக்கு வரி மாறினால் அது நடக்காது, அட்டைகளைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு பக்க வரிசையில்தான் போக வேண்டும். ஒரே ஆளின் எழுத்தும் மாதங்கள் போகப் போக மாறும், குறிப்பாக 4இன் வாயும் 9இன் வாலும். ஏதோ 300, 400 வரிக்கு ஒருமுறை புதிதாகப் பத்து வரி எடுத்து அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருந்தால் பழைய அட்டையைத் தூக்கிப் போடாமல், எந்த வரியிலிருந்து புதியது என்று எழுதி இரண்டாவது அட்டையை அதன் பின்னால் வையுங்கள்.