கீரையில் இருக்கும் இரும்பு உடலில் ஏன் சேர்வதில்லை?

கேள்வி: எனக்கு வயது 34. சைவ உணவுதான். மதியம் முருங்கைக்கீரை, பருப்பு என்று தவறாமல் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் 10.4-ஐத் தாண்டவில்லை. சாப்பிட்டவுடன் காபி குடிக்கும் பழக்கம் உண்டு. இறைச்சி சாப்பிட்டால்தான் சரியாகுமா?

பதில்: இறைச்சி கட்டாயமில்லை, ஆனால், அந்தக் காபியின் நேரத்தை மாற்றியாக வேண்டும்.

இறைச்சியில் உள்ள இரும்பில் ஒரு பகுதி 'ஹீம்' என்னும் மூலக்கூறுக்குள் பொதிந்திருப்பதால், உடன் உண்ணும் பிற பொருள்களால் பெரிதும் பாதிக்கப்படாமல் அப்படியே குடல் செல்லுக்குள் நுழைந்துவிடுகிறது. அதில் சுமார் 15 முதல் 35 சதவீதம் வரை உடலில் சேரும். கீரை, பருப்பு, தானியங்களில் உள்ள இரும்புக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அது பெரும்பாலும் ஃபெரிக் வடிவில் இருக்கிறது; குடல் செல்லோ ஃபெரஸ் வடிவத்தைத்தான் உள்ளே எடுத்துக்கொள்ளும். இந்த மாற்றத்தைச் செய்வதோடு, இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்து வைத்துக்கொள்வதும் வைட்டமின் சி-யின் வேலை. காபி, தேநீரில் உள்ள டானின் முதலிய பாலிஃபீனால்கள் இதற்கு நேர்மாறாக இரும்பைப் பற்றிக்கொண்டு, உறிஞ்ச முடியாததாக ஆக்கிவிடுகின்றன. பால் கலந்தால் இந்தத் தடை நீங்கிவிடும் என்று நம்ப வேண்டாம்.

உங்கள் மதிய உணவையே ஒரு தோராயக் கணக்காகப் பார்ப்போம். அதில் 6 மில்லிகிராம் இரும்பு இருந்து, 5 சதவீதம் உறிஞ்சப்பட்டால் கிடைப்பது 0.3 மில்லிகிராம். உடனே காபி குடித்தால் அது 0.2-க்கும் கீழே இறங்கலாம். அதே உணவோடு அரைக் கொய்யாப்பழம் சாப்பிட்டால் இரு மடங்காகி 0.6-ஐத் தொடக்கூடும். மாதவிடாய் உள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.5 மில்லிகிராம் உடலில் சேர வேண்டும் என்பதால், ஒரு வேளையில் நேரும் இந்த வேறுபாடு சிறியதன்று.

கொய்யாவோ நெல்லிக்காயோ அதே வேளை உணவோடு இருக்க வேண்டும். காலையில் உண்ட பழம் மதியக் கீரைக்கு அவ்வளவாக உதவாது. எலுமிச்சைச் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கியபின் பிழியுங்கள். கொதிக்கவிட்டால் வைட்டமின் சி-யில் கணிசமான பகுதி வீணாகும். காபியை உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பாகக் குடிப்பது நல்லது. பின்னர்தான் வேண்டுமென்றால், இரண்டு மணி நேரமாவது கழியட்டும். உணவுக்குப் பின் ஒரு மணி நேர இடைவெளி காபிக்குப் போதாது என்பது சோதனைகளில் தெரிந்திருக்கிறது.

எனினும், 10.4 என்ற அளவிலிருந்து உணவால் மட்டும் மேலே வருவது மிக மெதுவாகவே நடக்கும். வைட்டமின் சி-யின் விளைவும் ஒரே வேளை உணவைக் கொண்டு நடத்திய ஆய்வுகளில் தெரிந்த அளவுக்கு, மாதக்கணக்கான அன்றாட உணவில் தெரிவதில்லை. ஆகவே உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை செய்துகொண்டு மருத்துவரைப் பாருங்கள். அது குறைவாக இருந்தால் இரும்பு மாத்திரையும், மாதவிடாய்ப் போக்கு மிகுதியா என்ற விசாரணையும் தேவைப்படும். ஃபெரிட்டின் சரியாக இருந்தும் ஹீமோகுளோபின் குறைவாகவே நீடித்தால், பி12 குறைபாடு, பரம்பரையாக வரும் தலசீமியாக் கூறு போன்ற வேறு காரணங்களைத் தேட வேண்டியிருக்கும். அப்போது கீரையும் கொய்யாவும் அந்த எண்ணை உயர்த்தப் போவதில்லை.